ஏறும் தொனி எங்கிருந்து வந்தது?

பெய்ஜிங் சீன மொழியில் ‘மாய் மா’ என்ற இரண்டு அசைகளை மட்டும் கேட்டால், பேசுபவர் குதிரை வாங்குவதைச் சொல்கிறாரா, குதிரையைப் புதைப்பதைச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. ‘வாங்கு’ என்ற பொருள் தரும் மாய் வேறு, ‘புதை’ என்ற பொருள் தரும் மாய் வேறு. தனித்தனியாகச் சொன்னால் சின்னக் குழந்தைகூட இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். குதிரையைக் குறிக்கும் ‘மா’ பக்கத்தில் வந்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. வில்லியம் வாங், குங்-பூ லீ என்ற இரு மொழியியலாளர்கள் இப்படிப்பட்ட ஜோடிகளைப் பதிவு செய்து, அதே மொழியைப் பேசி வளர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்டி, 1967-இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்டவர்கள் சொன்ன விடைகளில் ஏறத்தாழப் பாதிதான் சரியாக இருந்தன. கேட்காமலே ஊகித்திருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும்.

தாய்மொழிக்காரரின் காதுக்கே எட்டாத ஒன்றை, ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு அகராதி தொகுப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவில் ஓர் அசை மேலே ஏறுகிறது. அது அந்தச் சொல்லின் பிறவிக் குணமா? பக்கத்துச் சொல்லால் வந்த மாற்றமா? அல்லது அந்தச் சொல்லே தன் பழைய தொனியை விட்டு வேறு தொனிக்குக் குடிபெயர்ந்துவிட்டதா? மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் மொழிக்குள் மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகள். ஒன்றை இன்னொன்றாக எழுதிவிட்டால் அகராதியும் தப்பாகும், அதை நம்பி எழுதப்படும் இலக்கணமும் தப்பாகும்.

நான்கு தொனிகள், ஒரு விதி

தமிழிலும் குரல் ஏறி இறங்குகிறது. ‘வந்துட்டான்’ என்பதை ஏற்றிச் சொன்னால் கேள்வி, இறக்கிச் சொன்னால் செய்தி. ஆனால் எப்படிச் சொன்னாலும் அது ‘வா’ என்ற வினையின் வடிவம்தான். தொனி மொழிகளில் அப்படி இல்லை. அங்கே குரலின் ஏற்ற இறக்கம், உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் போலச் சொல்லின் ஓர் உறுப்பு. பெய்ஜிங் சீனத்தில் ‘மா’ என்பதை உயரத்தில் சமமாக நிறுத்திச் சொன்னால் அம்மா. நடுவிலிருந்து மேலே ஏற்றினால் சணல். அடியில் தாழ்த்திச் சொன்னால் குதிரை. உச்சியிலிருந்து சடாரென்று இறக்கினால் திட்டு. இவற்றை முறையே முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் தொனி என்கிறார்கள்.

சாவ் யுவென்ரென் என்ற சீன மொழியியலாளர் 1930-இல் இதை எழுதிக் காட்ட ஓர் அளவுகோல் தந்தார். பேசுபவருடைய குரலின் அடிமட்டம் 1, உச்சி 5. இந்த அளவில் முதல் தொனி 55, இரண்டாவது 35, மூன்றாவது 214, நான்காவது 51. மூன்றாவது தொனியின் இறுதியில் வரும் அந்த ஏற்றம் தனியாகச் சொல்லும்போதுதான் முழுதாக வரும். தொடரின் நடுவில் வந்தால் அது பெரும்பாலும் 21 ஆக, அதாவது வெறும் தாழ்ந்த ஒலியாக, நின்றுவிடும்.

இனி விதி. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால், முன்னால் உள்ளது இரண்டாம் தொனியாக மாறும். ‘வாங்கு’ என்ற மாய் மூன்றாம் தொனி, குதிரை என்ற மாவும் மூன்றாம் தொனி. சேர்ந்தால் மாய் ஏறிவிடுகிறது. ‘புதை’ என்ற மாய் பிறப்பிலேயே இரண்டாம் தொனி. அதனால்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எல்லோருக்கும் தெரிந்த ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்திலும் இதே விதிதான் நடக்கிறது. எழுதும்போது இரண்டையும் மூன்றாம் தொனியாக எழுதுவார்கள். சொல்லும்போது ‘நீ’ ஏறும்.

நமக்கு இது புதிதல்ல. பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி. ஆனால் ‘பல்வலி’ என்னும்போது லகரம் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுகிறது. பக்கத்துச் சொல் மாறியதும் பழைய உரு திரும்புகிறது என்றால், மாற்றம் அந்தச் சொல்லுக்குச் சொந்தமானதல்ல, சேர்க்கைக்குச் சொந்தமானது. தொனிப் புணர்ச்சியைப் பிடிப்பதற்கும் இதுதான் வழி. ஒரு வித்தியாசம் உண்டு: தமிழில் புணர்ச்சியை எழுத்தே காட்டிக்கொடுக்கும். சீன எழுத்து காட்டாது, ரோமன் எழுத்தில் எழுதும் முறையும் காட்டாது. ஒலிப்பதிவில் மட்டும்தான் அது தெரியும்.

காலியான கட்டம்

தெரியாத ஒரு மொழியைப் பதிவு செய்யப் போகிறவர் முதலில் தனிச் சொற்களைப் பதிவு செய்கிறார். எத்தனை தொனி என்று தெரிகிறது. அடுத்து, ஒவ்வொரு தொனியையும் மற்ற ஒவ்வொரு தொனிக்கும் முன்னால் வைத்துச் சொல்ல வைக்கிறார். நான்கு தொனி என்றால் நாலு நாலாகப் பதினாறு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு கட்டத்திலும் பல சொற்கள், ஒவ்வொரு சொல்லையும் பல முறை, முடிந்தால் பலருடைய குரலில். சலிப்பான வேலைதான், ஆனால் தப்பிக்க முடியாத வேலை.

பெய்ஜிங் சீனத்தில் இந்த அட்டவணையை நிரப்பிவிட்டுக் கேட்டால், 16 வகைக்குப் பதில் 15 வகைதான் காதில் விழும். மூன்றும் மூன்றும் சேர வேண்டிய கட்டம் காலி. அதில் இருக்க வேண்டிய சொற்கள் எல்லாம் ‘இரண்டு, மூன்று’ கட்டத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு சொல்கூடப் பின்தங்கி நிற்காது.

புணர்ச்சியையும் சொல்லின் தொனி மாற்றத்தையும் பிரிக்கும் முதல் அடையாளம் இதுவே. புணர்ச்சி ஒரு கட்டத்தையே காலி செய்யும், சொல் எதுவானாலும் விடாது. சொல்லின் தொனி மாற்றம் எந்தக் கட்டத்தையும் காலி செய்யாது. ஒரு சொல் ஒரு கட்டத்திலிருந்து எழுந்து இன்னொரு கட்டத்தில் போய் உட்காரும், அதன் பழைய அண்டைவீட்டார் எல்லாம் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். ஆகவே ஒரே ஒரு சொல்லை வைத்து முடிவு கட்டக் கூடாது. அந்தக் கட்டத்தில் உள்ள மற்றச் சொற்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சொற்களைத் தனியாகச் சொல்லாமல் ‘நான் இந்தச் சொல்லைச் சொல்கிறேன்’ என்பதுபோல் ஒரு வாக்கியத்துக்குள் பொருத்திச் சொல்ல வைப்பது வழக்கம். 1948-இல் வெளிவந்த கென்னத் பைக்கின் ‘தொனி மொழிகள்’ என்ற ஆங்கில நூல் இந்த முறையை விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தது. நல்ல முறைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் சோதனைச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல் எது என்பதில் கவனம் வேண்டும். சோதனைச் சொல்லுக்கு அடுத்து மூன்றாம் தொனிச் சொல் ஒன்றை வைத்துவிட்டால், மூன்றாம் தொனிச் சொற்கள் அத்தனையும் இரண்டாம் தொனியாகப் பதிவாகும். பதிவு செய்தவர், அந்த மொழியில் மூன்றே தொனிகள்தான் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

மூன்று சொற்கள், மூன்று விடைகள்

தைபேயில் வளர்ந்த ஒருவரைப் பதிவு செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் மூன்று சொற்களைச் சொல்கிறார். ‘ஷ்வேய்-குவோ’ என்றால் பழம். ‘பிங்-குவோ’ என்றால் ஆப்பிள். ‘வேய்-ஷியென்’ என்றால் ஆபத்து. மூன்றிலும் முதல் அசை ஏறுகிறது, இரண்டாம் அசை தாழ்ந்து நிற்கிறது. குவோ, ஷியென் இரண்டுமே மூன்றாம் தொனி. ஆக, மூன்று சொற்களின் முதல் அசைகள் மீதும் சந்தேகம் விழுகிறது. அவை பிறவி இரண்டாம் தொனியா, மூன்றாம் தொனியிலிருந்து மாறியவையா?

பக்கத்துச் சொல்லை மாற்றிப் பார்க்கலாம். ஷ்வேய் என்றால் தண்ணீர். தண்ணீர்க் குவளைக்கு ‘ஷ்வேய்-பேய்’ என்று பெயர், அதில் பேய் முதல் தொனி. அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னால் ஷ்வேய் கீழே இறங்கி 21 ஆக நிற்கிறது. தனியாகச் சொன்னாலும் தாழ்ந்தே வருகிறது. விடை கிடைத்துவிட்டது. ஷ்வேய் மூன்றாம் தொனி, ‘பழம்’ என்ற சொல்லில் கேட்ட ஏற்றம் புணர்ச்சியால் வந்தது.

அடுத்து வேய். நெருக்கடி என்பதற்கு ‘வேய்-ஜி’ என்பார்கள், ஜி முதல் தொனி. இதிலும் தைபேக்காரருடைய வேய் ஏறியே வருகிறது. பக்கத்தில் மூன்றாம் தொனி இல்லை, ஆனாலும் ஏற்றம் போகவில்லை. ஆகவே இது புணர்ச்சியல்ல. வேய் அவருக்குச் சொந்தத்திலேயே இரண்டாம் தொனி. இத்தோடு நின்றிருந்தால் கதை எளிது. ஆனால் பெய்ஜிங்கில் வளர்ந்த ஒருவரிடம் அதே இரண்டு சொற்களைக் கேட்டால், இரண்டிலும் வேய் ஏறாமல் உயரத்தில் சமமாக நிற்கிறது. அவருக்கு அது முதல் தொனி. ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு தொனி. இரு தரப்பு அகராதிகளும் இப்படியே பதிவு செய்திருக்கின்றன. இதுதான் சொல்லின் தொனி மாற்றம். முதல் தொனிச் சொற்களை எல்லாம் இரண்டாம் தொனியாக்கும் பொதுவான புணர்ச்சி விதி எதுவும் இந்த மொழியில் இல்லை, முதல் தொனியில் உள்ள மற்றச் சொற்கள் இந்தச் சூழலில் அப்படி மாறுவதுமில்லை. வாரம் என்ற பொருள் தரும் ‘ஷிங்-சி’ போன்ற சில சொற்கள் மட்டும் இதேபோல் இரு ஊர்களுக்கும் இடையே வேறுபடும். அங்கேயும் பெய்ஜிங்கில் சி முதல் தொனி, தைபேயில் இரண்டாம் தொனி. அந்தச் சி சொல்லின் கடைசி அசை, அதை மாற்ற அடுத்து எதுவுமே இல்லை. பட்டியல் போட்டுச் சொல்லக்கூடிய மாற்றம் என்றால் அது அகராதிக்குரியது. பட்டியல் போடத் தேவையே இல்லாதபடி எல்லாச் சொல்லுக்கும் நடக்கும் மாற்றம் என்றால் அது புணர்ச்சிக்குரியது.

எந்த ஊரில் வேய் மாறியது? இதற்கு அக்காள் தங்கை மொழிகளைக் கேட்க வேண்டும். கான்டனீஸ் மொழியில் இதே சொல் ‘ங்காய்’ என்று தாழ்ந்து இறங்கும் தொனியில் வழங்குகிறது. கான்டனீஸில் அந்தத் தொனியில் உள்ள சொற்கள் பெய்ஜிங் சீனத்தில் முறையாக இரண்டாம் தொனியில் வர வேண்டும். எனவே பழைய வழியில் நிற்பது தைபே, விலகியது பெய்ஜிங். தலைநகரத்து உச்சரிப்பே மூலம் என்று எடுத்துக்கொண்டு, தைபேயின் ஏற்றத்தை விதி மீறலாகவோ புணர்ச்சியாகவோ எழுதியிருந்தால் வரலாறே தலைகீழாகியிருக்கும்.

மூன்றாவது பிங். இங்கேதான் முறை தடுமாறுகிறது. இந்தப் பிங் ஆப்பிளைத் தவிர வேறு சொற்களில் வருவதே இல்லை எனலாம். பக்கத்துச் சொல்லை மாற்ற வழியில்லை. பேசுபவர் படித்தவரானால் அந்த எழுத்தைத் தனியாகப் படித்துக் காட்டுவார், ஆனால் அது பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பாக இருக்கலாம். எழுத்தே இல்லாத மொழியில் அந்த உதவியும் கிடையாது. மீண்டும் கான்டனீஸைக் கேட்டால், அங்கே பிங் தாழ்ந்து இறங்கும் தொனி. ஆகவே இரண்டாம் தொனி என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் இது வரலாற்றுச் சான்று. இன்று பேசுபவரின் மனத்தில் எது இருக்கிறது என்பதை இது நேரடியாகக் காட்டாது. இப்படிப்பட்ட அசைகளை ‘ஐயம்’ என்று குறித்துத் தனியே வைப்பதுதான் நேர்மை.

கான்டனீஸ் மீன்கள்

பெய்ஜிங் சீனத்தில் புணர்ச்சி வலுவானது என்றால், கான்டனீஸில் சொல்லின் தொனி மாற்றம் வலுவானது. தாழ்ந்த தொனிச் சொல் ஒன்று உயர்ந்து ஏறும் தொனிக்கு மாறி, பழகிய பொருளையோ சிறிய பொருளையோ தொடர்புடைய வேறொரு பொருளையோ குறிக்கும். ‘தோங்’ என்று தாழ்த்தி இறக்கினால் சர்க்கரை. அதையே ஏற்றினால் மிட்டாய். இரண்டையும் தனியாகவே சொல்லலாம், பக்கத்தில் யாரும் வேண்டியதில்லை. பக்கத்தில் எதுவுமே இல்லாதபோதும் தொனி வேறுபடுகிறது என்றால் அதைப் புணர்ச்சி என்று சொல்ல இடமே இல்லை.

தனியாக நிற்காமல் கூட்டுச் சொல்லுக்குள் வரும்போதுதான் ஏமாற்றம் நடக்கும். மீனுக்கு ‘யூ’. தங்கமீனுக்கு ‘கம்-யூ’, இதில் யூ ஏறுகிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் பதிவில் கேட்டவர், முன்னால் உள்ள கம் என்ற உயர்ந்த தொனியால் யூ மேலே இழுக்கப்பட்டது என்று ஒரு விதி எழுதிவிட வாய்ப்பு உண்டு. ஆனால் சுறாவுக்கு ‘ஸா-யூ’. ஸாவும் கம் போலவே உயர்ந்து சமமாக நிற்கும் தொனி. யூ அதே யூ, இடமும் அதே கடைசி இடம். ஆனாலும் சுறாவில் யூ தாழ்ந்தே இருக்கிறது. முன்னால் உள்ள தொனி ஒன்று, அசை ஒன்று, இடம் ஒன்று, விளைவு மட்டும் இரண்டு. ஒரே சூழலில் இரண்டு விளைவு வந்தால் சூழல் காரணமாக இருக்க முடியாது. வேறு எந்தச் சோதனையையும்விட இது உறுதியானது. புணர்ச்சி என்று சந்தேகப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி ஒரு ‘சுறா’வைத் தேடிப் பார்க்க வேண்டும்.

நிறுத்தமும் வேகமும்

புணர்ச்சி, சொற்கள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்கின்றன என்பதைப் பொறுத்தது. ‘லாவ் லீ மாய் ஹாவ் ஜியோ’ என்ற வாக்கியம் சீன மொழியியல் வகுப்புகளில் அடிக்கடி வரும். கிழவர் லீ நல்ல மது வாங்குகிறார் என்று பொருள். ஐந்து சொல்லும் மூன்றாம் தொனி. நிதானமாக, லீ என்ற பெயருக்குப் பிறகு சற்று நிறுத்திச் சொன்னால் லாவ், ஹாவ் இரண்டும் ஏறும், லீயும் மாயும் தாழ்ந்தே இருக்கும். நிறுத்தாமல் சொன்னால் லீயும் ஏறிவிடும். வேகமாகச் சொன்னால் கடைசிச் சொல் ஒன்றைத் தவிர நான்கும் ஏறிவிடும். ஒரே ஆள், ஒரே வாக்கியம், மூன்று விதமான தொனி வரிசை.

ஆகவே பதிவு செய்யும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் நிதானமாக ஒரு முறை, இயல்பாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை வாங்கிக்கொள்வது பயன் தரும். நிறுத்தினால் போய்விடும் ஏற்றம் புணர்ச்சி. எவ்வளவு நிறுத்தினாலும், எப்படிச் சொன்னாலும் போகாத ஏற்றம் சொல்லுக்குச் சொந்தமானது. பதிவில் இந்த வேகக் குறிப்பு இல்லாவிட்டால், ‘லீ’ சில இடங்களில் தாழ்ந்தும் சில இடங்களில் ஏறியும் வருவதைப் பார்ப்பவர், அந்தச் சொல்லுக்கு இரண்டு தொனி என்று நினைத்துவிடுவார்.

கருவி சொல்வதும் சொல்லாததும்

காதுக்கு எட்டாததைக் கருவி பிடிக்காதா என்று கேட்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் புர்ஸ்மா, டேவிட் வெய்னிங்க் இருவரும் உருவாக்கிய ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளைத்தான் உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். குரல்நாண்கள் ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதை அது கோடாக வரைந்து காட்டும். அசையின் உயிரொலிப் பகுதியில் சம இடைவெளியில் பத்துப் புள்ளிகள் வைத்து அளந்தால் அந்தத் தொனியின் வடிவம் கிடைத்துவிடும்.

ஹெர்ட்ஸ் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. 100-லிருந்து 120-க்கு ஏறும் ஆண் குரலும், 200-லிருந்து 240-க்கு ஏறும் பெண் குரலும் காதுக்கு ஒரே அளவு ஏற்றம். அதனால் பேசுபவருடைய சராசரி அதிர்வெண்ணை அடிப்படையாக வைத்து, அளவுகளைச் செமிடோனாக மாற்றிக்கொள்வார்கள்.

```
12 * log2(f / fref)
```

இதில் `f` அளந்த அதிர்வெண், `fref` அந்த ஆளின் சராசரி. மேலே சொன்ன இரண்டு ஏற்றங்களும் இந்தக் கணக்கில் 3.16 செமிடோனாகவே வரும்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. மூன்றாம் தொனி மிகத் தாழ்ந்தது என்பதால் பலருக்கு அந்த இடத்தில் குரல் கரகரத்து உடையும். அங்கே கருவி குழம்பி, கோட்டை அறுத்துவிடும் அல்லது உண்மையில் பாதி அளவைக் காட்டும். அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்த வேண்டும். அடுத்து, மூச்சோடு வெடிக்கும் மெய்யெழுத்துக்குப் பின் வரும் உயிரொலி, தொடக்கத்தில் தன் தொனியை மீறிச் சற்று உயர்ந்திருக்கும். இந்த உயர்வைத் தொனி என்று எண்ணிவிடாமல் இருக்க, ஒரே மெய்யில் தொடங்கும் அசைகளையே ஒப்பிட வேண்டும். வாங்கு, புதை என்ற இரண்டு மாய்களும் ஆய்வாளர்களுக்குப் பிடித்தமான ஜோடியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு கவனமாக அளந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. புணர்ச்சியால் வந்த ஏற்றம், பிறவி ஏற்றத்தைவிடச் சராசரியில் சில ஹெர்ட்ஸ் தாழ்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காது பிரிக்க முடியாததைத் தொண்டை சற்றே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் இது நூற்றுக்கணக்கான உச்சரிப்புகளின் சராசரியில் தெரியும் வித்தியாசம். ஒரே ஒரு பதிவை எடுத்து, இது தாழ்ந்திருக்கிறது, எனவே புணர்ச்சி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே ஆள் ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். அதேபோல், இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிட்டால் இரண்டும் ஒரே தொனி என்றும் ஆகிவிடாது. வாயிலிருந்து வந்தது என்ன என்பதைத்தான் கருவி சொல்லும். மனத்தில் இருப்பது என்ன என்பதைப் பக்கத்துச் சொல்லை மாற்றித்தான் அறிய முடியும்.

எல்லைக்கோடு மங்கும் இடங்கள்

சில இடங்களில் புணர்ச்சியை உண்டாக்கிய சொல்லே தன் தொனியை இழந்து நிற்கும். ‘ஷியாங்’ என்றால் யோசி. இரட்டித்து ‘ஷியாங்-ஷியாங்’ என்றால் கொஞ்சம் யோசித்துப் பார். இரண்டாவது ஷியாங் தொனியே இல்லாமல் மெலிந்து ஒலிக்கும், ஆனாலும் முதல் ஷியாங் ஏறுகிறது. அக்காவைக் குறிக்கும் ‘ஜியெ-ஜியெ’யும் அதேபோல் மூன்றாம் தொனி அசையின் இரட்டிப்புதான், இரண்டாவது ஜியெ மெலிந்ததுதான். ஆனால் அங்கே முதல் ஜியெ ஏறுவதில்லை, தாழ்ந்தே இருக்கிறது. பதிவில் கேட்கும் ஒலியை மட்டும் பார்த்தால் ஒரே சூழலில் இரண்டு விளைவு, அதாவது தங்கமீனும் சுறாவும் போல. ஆனால் இங்கே ஒழுங்கு இருக்கிறது. இப்படி இரட்டிக்கும் வினைகள் ஏறுகின்றன, உறவுப் பெயர்கள் ஏறுவதில்லை. வினையில் இரண்டாவது அசை மூன்றாம் தொனியாக இருந்து புணர்ச்சியை நடத்திவிட்டுப் பிறகு மெலிகிறது, உறவுப் பெயரில் அது முதலிலிருந்தே மெலிந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஆகவே ‘ஒரே சூழல்’ என்று சொல்லும் முன், இலக்கணச் சூழலும் ஒன்றுதானா என்று பார்த்தாக வேண்டும்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. தைவானில் பேசும் ஹொக்கியன் மொழியில் சொற்றொடரின் கடைசி அசையைத் தவிர மற்றவை எல்லாம் தொனி மாறும். உயர்ந்து சமமான தொனி நடுத்தொனியாகும், நடுத்தொனி தாழும், தாழ்ந்தது உச்சியிலிருந்து விழும் தொனியாகும், விழும் தொனி மறுபடி உயர்ந்து சமமாகும். வட்டம் முழுமையாகச் சுற்றிவிடுகிறது. விதி விலக்கில்லாமல் நடப்பதால் இது புணர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மொழி பேசுபவர்களுக்கு இல்லாத சொற்களைக் கொடுத்துச் சேர்த்துச் சொல்லச் சொன்னால், பலர் இந்த வட்ட விதியைச் சரியாகச் செய்வதில்லை. 2010-இல் ஜியே சாங், யூவென் லாய் இருவரும் பெய்ஜிங் வகைச் சீனத்தில் செய்த சோதனையில், புதுச் சொற்களிலும் மூன்றாம் தொனி விதியைப் பேசுபவர்கள் நடத்திக்காட்டினார்கள், ஏற்றத்தின் வடிவம் மட்டும் பழகிய சொற்களில் வருவதுபோல் அவ்வளவு முழுமையாக வரவில்லை. ஹொக்கியனில் விதி அவ்வளவு எளிதாகப் புதுச் சொல்லுக்குத் தாவவில்லை என்றால், ஒவ்வொரு சொல்லின் இரண்டு வடிவங்களையும் பேசுபவர்கள் ஓரளவு மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள் என்று பொருள். புணர்ச்சி, அகராதி என்ற இரண்டும் இரண்டு பெட்டிகளாக இருந்தாலும், காலப்போக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு நகர்கிறது.

பதிவு செய்வோர் செய்ய வேண்டியது

நடைமுறையில் இதற்கெல்லாம் ஒரே பாதுகாப்பு, பதிவுக்குக் கீழே தொனியை இரண்டு வரிசையாக எழுதுவது. முதல் வரிசையில் கேட்டது கேட்டபடி. இரண்டாம் வரிசையில் அந்தச் சொல்லின் சொந்தத் தொனி என்று நாம் கருதுவது, அதற்கான ஆதாரத்தோடு. பிராட்டிலும், நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஈலான் மென்பொருளிலும் இப்படிப் பல வரிசைகள் வைக்க வசதி இருக்கிறது. பலர் ஒரே வரிசையில் எழுதிவிட்டு, பின்னால் விதி தெரிந்ததும் அதையே திருத்திவிடுகிறார்கள். திருத்தியபின், விதி தப்பு என்று யாராவது காட்டினாலும் முதலில் கேட்டது என்ன என்று தெரிந்துகொள்ள வழியிருக்காது. ‘வேய்’ ஏறியதைத் திருத்தி மூன்றாம் தொனி என்று எழுதிவைத்திருந்தால், தைபேக்கும் பெய்ஜிங்குக்கும் இடையிலான மாற்றம் அந்தத் தொகுப்பில் என்றைக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இந்தியாவிலும் தொனி மொழிகள் இருக்கின்றன. பஞ்சாபியும், வடகிழக்கில் மிசோ, அங்காமி, ஆவோ, மணிப்புரி போன்ற மொழிகளும் தொனி உள்ளவை. மிசோவையும் நாகா மொழிகளையும் எழுதப் பயன்படும் ரோமன் எழுத்து தொனியைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. எனவே அங்கே தொனிக்கு ஒலிப்பதிவுதான் முதன்மையான சான்று. கதைகளையும் பாடல்களையும் பதிவு செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கதை முடிந்ததும் ஒலிவாங்கியை உடனே அணைத்துவிடாதீர்கள். அதில் வந்த முக்கியமான சொற்களைத் தனியாக ஒரு முறையும், வேறு இரண்டு மூன்று சொற்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு முறையும் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கூடுதல் பதிவு இல்லாவிட்டால், ஓர் அசை ஏன் ஏறியது என்ற கேள்விக்குப் பின்னால் வருபவர் யாரும் விடை சொல்ல முடியாது.